பதின்மூன்று இலக்கங்களைக் கண்டு பதறாதே!

கண்காட்சிக்கான விலைப்பட்டியல் இன்று மாலை அச்சுக்குப் போகவேண்டும். எக்ஸெல் கோப்பில் நூற்றுக்கணக்கான தலைப்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒட்டுமொத்தமாய் நிற்கும் பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். “எல்லாத்துக்கும் ஹைபன் போட்டுக் கொடுத்துடுங்க” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். தம்பி, இந்த நேரத்தில் உன் கை எங்கே போகிறது? அலமாரியில் இருக்கும் ஏதோ ஒரு புத்தகத்தின் பின்னட்டைக்கு! அதில் 3, 2, 5, 2, 1 என்று இலக்கங்கள் பிரிந்திருப்பதைப் பார்க்கிறாய். `000-00-00000-00-0` என்று ஒரு ஃபார்மேட்டை அடிக்கிறாய், மேலிருந்து கீழே இழுக்கிறாய், வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போகிறாய்.

கையை எடு! அடுத்தவன் அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க நீ ஏன் போகிறாய்? எங்கே வெட்டவேண்டும் என்பதை உன் எண்ணே சொல்லும். அதைப் படிக்க உனக்குத் தெரியும், இல்லை இன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஐந்து துண்டுகள், நடுவே நான்கு ஹைபன்கள். முதல் துண்டு 978 அல்லது 979. அடுத்தது நாடு அல்லது மொழிக் குழு. பிறகு பதிப்பகத்தின் குறி, அதன் பிறகு அந்தப் பதிப்பகத்தின் எத்தனையாவது புத்தகம் என்ற எண், கடைசியாக ஒரே ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் துண்டும் கடைசித் துண்டும் நீளம் மாறாதவை. நடுவில் இருக்கும் மூன்றும் நீளும், சுருங்கும். உன்னை மிரட்டுவது அந்த மூன்றுதான்.

நீ பார்க்கும் இந்தியப் புத்தகங்களில் பெரும்பாலானவை 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். இலங்கைப் பதிப்பு என்றால் 978-955 அல்லது 978-624. ஆங்கில உலகத்துக்கு 978-0, 978-1. குழுவின் நீளமே ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறுகிறது பார்! ஒரே ஃபார்மேட்டை எல்லாவற்றுக்கும் இழுத்தவன் இங்கேயே விழுந்துவிட்டான்.

பதிப்பகக் குறி ஏன் மாறுகிறது? சென்னைக்கு 044 போட்டால் பின்னால் எட்டு இலக்கம், திருநெல்வேலிக்கு 0462 போட்டால் ஏழு, தென்காசிக்கு 04633 போட்டால் ஆறு. ஊர் பெரிதானால் குறியீடு சிறிது, எண்களுக்கு இடம் அதிகம். இங்கேயும் அதே கணக்குதான். ஆயிரக்கணக்கில் நூல் போடும் நிறுவனத்துக்குக் குட்டையான குறி. பத்து நூலோடு நிற்பவருக்கு நீளமான குறி.

978-81 குழுவுக்குள் இறங்கு. குழு எண்ணுக்கு அடுத்த இலக்கங்களைப் பார். 00 முதல் 18 வரை என்றால் பதிப்பகக் குறி இரண்டு இலக்கம். 200 முதல் 699 வரை மூன்று. 7000 முதல் 8499 வரை நான்கு. 85000 முதல் 89999 வரை ஐந்து. 900000 முதல் மேலே ஆறு. 19இல் தொடங்குபவற்றுக்கு மட்டும் தனி விதி. இவ்வளவுதான் உன்னைப் பயமுறுத்திய பூதம்!

வா, போட்டுப் பார்ப்போம். 9788172345679 என்று ஒரு எண்ணை வைத்துக்கொள் (கணக்குக்காக நான் கோத்த எண் இது). 978ஐ வெட்டு. 81ஐ வெட்டு. மிச்சத்தின் தலையில் 7 நிற்கிறது. 7234 என்பது 7000க்கும் 8499க்கும் நடுவே விழுகிறது. ஆக நான்கு இலக்கம். விடை 978-81-7234-567-9. நூல் எண்ணுக்கு மூன்று இலக்கம் மிஞ்சுகிறது, அதாவது இந்தக் குறியில் ஆயிரம் நூல் போடலாம். இதே கையோடு 9788191234565ஐ எடு. 91 என்று தொடங்குவதால் ஆறு இலக்கம்: 978-81-912345-6-5. நூல் எண் ஒற்றை இலக்கம், பத்து நூலோடு இந்தக் குறி தீர்ந்துவிடும். 9788189345679 மட்டும்தான் 978-81-89345-67-9 என்று நீ அடித்த ஃபார்மேட்டில் அப்படியே உட்காரும். மூன்றில் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் நீ ஏமாந்தாய்!

“சரிபார்ப்பு இலக்கம் இருக்கே, தப்பா இருந்தா காட்டிக்கொடுத்துடாதா?” என்று கேட்பாய். காட்டாது! முதல் எண்ணை எடு. இலக்கங்களை மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டு. பன்னிரண்டு இலக்கத்துக்கு 141 வரும். கடைசி 9ஐச் சேர்த்தால் 150, பத்தால் மீதியின்றி வகுபடும். எண் சரி. ஆனால் இந்தக் கூட்டலில் ஹைபனுக்கு இடமே இல்லை. 978-81-72345-67-9 என்று தப்பாக வெட்டினாலும் அதே 150தான். இலக்கம் மாறிப்போனால் பிடிக்கும் காவல்காரன் அவன், வெட்டு மாறினால் கண்டுகொள்ள மாட்டான். அந்தக் காவலை நீதான் பார்க்கவேண்டும்.

தப்பினால் என்ன கெட்டுப்போகும்? 7234 என்ற ஒரே பதிப்பகம் உன் பட்டியலில் 72340, 72341, 72342 என்று பத்துப் பதிப்பகமாய்ச் சிதறும். குறியை வைத்து வரிசைப்படுத்தும் விநியோகஸ்தருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. ஏனென்றால் அப்படி யாரும் இல்லை. 7இல் தொடங்கும் ஐந்து இலக்கக் குறி இந்தக் குழுவில் கிடையாது.

இன்னொரு பொறி பார்கோடு. கோடுகளுக்குக் கீழே 9 788172 345679 என்று இடைவெளி விட்டு அச்சாகியிருக்கும். அது பார்கோடின் அமைப்புக்காக வந்த இடைவெளி, ஐ.எஸ்.பி.என். பிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இடைவெளியில் ஹைபன் போட்ட பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன், கோபம் கோபமாக வந்தது. பட்டியலில் 890 என்று தொடங்கும் எண் கலந்திருந்தால் அது நோட்டுப்புத்தகமோ பேனாவோ, அதைத் தொடாதே. 977 என்றால் பருவ இதழ், அதற்கு இந்த விதி பொருந்தாது.

சரி, நூற்றுக்கணக்கில் கையால் வெட்டுவாயா? வேண்டாம். உலகம் முழுவதற்குமான எல்லைகளைப் பன்னாட்டு ஐ.எஸ்.பி.என். முகமை `RangeMessage.xml` என்ற கோப்பாக வெளியிடுகிறது. புதிய எல்லைகள் திறக்கத் திறக்க அது மாறும். அதனால் போன வருடம் எழுதி வைத்த சீட்டை நம்பாதே. பைத்தான் தெரிந்தால் `isbnlib` நிரலகத்தை நிறுவிக்கொள், பிறகு இந்த இரண்டு வரி போதும்:

```
from isbnlib import mask
print(mask("9788172345679"))
```

`978-81-7234-567-9` என்று வந்து நிற்கும். எண்ணில் இலக்கம் விடுபட்டிருந்தாலோ, எல்லை இன்னும் ஒதுக்கப்படாததாக இருந்தாலோ ஹைபனிட்ட விடை வராது. அப்படி நின்றுபோனவற்றைத் தனியாக ஒதுக்கி, புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார். நிரலகத்தைப் புதுப்பித்து வைத்துக்கொள், பழைய நிரலகத்துக்குப் புதிய எல்லை தெரியாது.

ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எண் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கு. இல்லாவிட்டால் எக்ஸெல் அதை 9.78817E+12 என்று சுருக்கிக் காட்டும். அந்தக் கோலத்திலேயே சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும், பிறகு எந்த நிரலாலும் மீட்க முடியாது. மூல எண்ணை A நெடுவரிசையில் அப்படியே விடு, ஹைபனிட்டதை B நெடுவரிசையில் வை. C நெடுவரிசையில் இதை அடி:

```
=AND(LEN(B2)=17,SUBSTITUTE(B2,"-","")=A2)
```

பதின்மூன்று இலக்கமும் நான்கு ஹைபனும் சேர்ந்து எப்போதும் 17. `FALSE` என்று வந்த வரியில் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கும், இல்லை ஹைபனுக்குப் பதில் நீளக்கோடு நுழைந்திருக்கும். வேர்டில் ஒட்டி எடுத்து வந்தால் இது அடிக்கடி நடக்கும். எல்லா வரியும் `FALSE` என்றால் A இன்னும் எண்ணாகவே இருக்கிறது, டெக்ஸ்ட் ஆகவில்லை. ஆனால் எல்லாம் `TRUE` என்று வந்தாலும் வெட்டு சரி என்று பொருளில்லை. இந்த வரி பார்ப்பது இலக்கங்களைத்தான். எனவே ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு நூலை அலமாரியிலிருந்து இறக்கி, பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சான எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டு அனுப்பு. அங்கேயே தப்பாக அச்சடித்திருக்கிறார்களா? எல்லைக் கோப்பு சொல்வதையே போடு, பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடு.