எழுத்துப்படி எடுப்பவர் யார்?

தாவூதி போரா முஸ்லிம்களில் ஒருவர் தம் சமயத் தலைமையைப் பற்றி மனம்விட்டுப் பேசினால் அவர் எதை இழக்கக்கூடும் என்பது நீதிமன்ற ஏடுகளிலேயே பதிவாகியிருக்கிறது: மசூதி, சமூக இடுகாடு, உறவு. இத்தகைய சமூக விலக்கைத் தடுக்க பம்பாயில் 1949இல் வந்த சட்டத்தை, அச்சமூகத் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயிருக்கிறது. ஆகவே இங்கே ஆய்வாளர் எடுக்கும் ஒலிப்பதிவுக்கு முதல் ஆபத்து முகமறியாத ஹேக்கரிடமிருந்து வருவதில்லை, குரலைக் கேட்டதும் 'இது இன்னார் வீட்டு மருமகள்' என்று சொல்லிவிடக்கூடிய ஒருவரிடமிருந்துதான் வருகிறது.

சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் கோப்பைக் குறியாக்கம் செய்து கடவுச்சொல் போடுவதோடு முடிந்துவிடுகின்றன. அது எளிய வேலை. ஒன்றரை மணி நேரப் பேட்டிகள் நாற்பது என்றாலும், சுருக்காத ஒலிக்கோப்பாக இருபது ஜிபி அளவில் அடங்கிவிடும். சட்டைப்பைக்குள் கொள்ளும் பென்டிரைவே போதும். கடினமான இடம் எழுத்துப்படி. போராக்கள் பேசும் லிசானுத் தாவத், அரபுச் சொற்கள் நிறைந்த குஜராத்தி. அதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் ஏறக்குறைய நிச்சயமாக அச்சமூகத்தவராகவே இருப்பார். பெயரை நீக்கி 'பே-17' என்று குறியிட்டு, பெயர்ப்பட்டியலை வேறொரு பூட்டில் வைத்தாலும், அவர் காதில் விழுவது குரல். அதனால் எழுத்துப்படியை ஆய்வாளரே எடுக்க வேண்டும். முடியாதபோது, எழுதப்போகிறவர் யார் என்பதைப் பேட்டி கொடுப்பவரிடம் முன்பே சொல்லி, அவரை மறுக்கும் உரிமையையும் தர வேண்டும். படியைச் சரிபார்த்தபின், பேசியவர் வைத்திருக்கச் சம்மதிக்காவிட்டால், மூல ஒலியை அழிப்பதே என் பார்வையில் முறை. ரெக்கார்டரின் மெமரி கார்டையும், போன் தானாக மேகக்கணிக்கு ஏற்றிவிட்ட பிரதியையும் தேடி அழிக்காவிட்டால் அது அழிப்பே ஆகாது.

குரலை அழிப்பது வரலாற்றை அழிப்பதாகாதா என்று வாய்மொழி வரலாற்றாளர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது: தயக்கம், சிரிப்பு, தாழ்ந்த குரல் எதுவும் எழுத்தில் வராது; ஆய்வாளர் சொன்னதைப் பிறர் சோதிக்கவும் வழியிருக்காது. ஆனால் அந்த இழப்பை ஏற்பதா வேண்டாமா என்பதைப் பேசியவர் முடிவு செய்யட்டும். பேட்டிக்கு ஒரு சம்மதம், ஒலியை வைத்திருக்க வேறொரு சம்மதம். இரண்டாவதைச் சில வாரம் கழித்து, எழுத்துப்படியைக் காட்டிக் கேட்பது நல்லது. பேசி முடித்த சூட்டில் எவரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

நம்பகமான காப்பகத்தில் வைத்துப் பல ஆண்டுகளுக்குப் பூட்டிவிடலாமே என்பது அடுத்த வாதம். பாஸ்டன் கல்லூரி அப்படித்தான் செய்தது. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்குழுவினர் பேசிய பதிவுகளை, அவர்கள் இறக்கும்வரை வெளிவராது என்று உறுதிசொல்லி அது சேர்த்து வைத்தது. 2011இல் கொலை விசாரணைக்காக அழைப்பாணை வந்தது, பதிவுகளில் சில காவல்துறையிடம் போய்ச் சேர்ந்தன. அங்கே உடைந்தது பூட்டல்ல, வாக்குறுதி. ஆகவே சம்மதப் படிவத்தில் 'யாருக்கும் தரமாட்டோம்' என்று எழுதக்கூடாது. 'நீதிமன்றம் கேட்டால் தர வேண்டியிருக்கும். இன்ன தேதிக்குள் ஒலியை அழித்துவிடுவோம்' என்ற வரி, ரெக்கார்டரை ஆன் செய்வதற்கு முன்பே வாசித்துக் காட்டப்பட வேண்டும்.