பாதித் தளத்தில் ஒரு ராஜினாமா

வெளிநாட்டில் வேலை கிடைத்த சைட் இன்ஜினியர், கையில் இருக்கும் கட்டடம் பாதியில் நிற்கும்போது கான்ட்ராக்டரை விட்டுப் போகலாமா? சட்டத்தைக் கேட்டால் விடை சுருக்கமானது: போகலாம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலையில் தொடரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடாது. வேலையை விட்ட பிறகு இன்னாரிடம் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். எஞ்சுவது பணம் மட்டும்தான். நோட்டீஸ் காலத்தைப் பூர்த்தி செய்யாவிட்டால் அந்த நாட்களுக்கான சம்பளம், பாண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதில் சொன்ன தொகை.

அந்தத் தொகையையும் எல்லோரும் கேட்டுவிட முடியாது. விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்ன தீர்ப்பு இதற்கு நல்ல அளவுகோல். 2007இல் அங்கே புதிய பதவியில் சேர்ந்த அதிகாரி ஒருவர், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். 2009இல் வேறு வங்கிக்குப் போகும்போது எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பணத்தைக் கட்டினார், பிறகு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவும் காலமும் பிடிக்கிறது, அவர் வாங்கிய சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை அதிகமில்லை என்பது அதன் காரணம். விளம்பரமோ தேர்வோ பயிற்சியோ இல்லாமல், தெரிந்தவர் சொல்லி ஆள் எடுத்த சின்ன கான்ட்ராக்டர் இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயமுறுத்தினால், அவருக்கு அதே காரணங்கள் இருக்கின்றனவா என்று கேட்கலாம்.

“ஒண்ணும் தெரியாமல் வந்தான், நான்தான் டிராயிங் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்” என்று கான்ட்ராக்டர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் கற்றுக்கொண்ட காலத்தில் அந்தப் பையன் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் சைட்டில் நின்றவர், கற்ற கடனில் பெரும்பகுதியை அங்கேயே அடைத்துவிட்டார்.

ஆகவே போகும் உரிமையில் சிக்கல் இல்லை. எதை முடித்துவிட்டுப் போக வேண்டும், யாருக்காக முடிக்க வேண்டும் என்பதில்தான் அறக் கேள்வி இருக்கிறது. இதைப் பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரு சைட்டைக் கற்பனை செய்துகொள்வோம்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சாணார்பட்டிப் பக்கம் ஒரு திருமண மண்டபம் கட்டுகிறார்கள். இன்ஜினியர் ஜூன் 1ஆம் தேதி ராஜினாமா கொடுக்கிறார், ஒரு மாத நோட்டீஸ், ஜூன் 30 கடைசி நாள். ஜூன் 12 அன்று முன்பகுதித் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள், ஏறக்குறைய 13 கன மீட்டர். ஐ.எஸ். 456 விதிப்படி இந்த அளவுக்கு இரண்டு மாதிரி எடுக்க வேண்டும், மாதிரிக்கு மூன்று கியூப். தளத்தின் இடைவெளி நாலரை மீட்டருக்குள் இருந்தால் அதன் முட்டுகளை ஏழு நாளில் எடுக்கலாம். ஆறு மீட்டருக்குள் இருக்கும் பீமுக்கு 14 நாள், அதாவது ஜூன் 26 வரை முட்டு நிற்க வேண்டும். அதுவரை எல்லாம் நோட்டீஸ் காலத்துக்குள் அடங்குகிறது. ஆனால் கியூபின் 28ஆம் நாள் ஜூலை 10. அவர் போன பத்தாம் நாள்.

காகிதத்தில் அவர் ஒரு நாள்கூடக் கடன் வைக்கவில்லை. ஆனாலும், கியூப் உடையும் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால், அன்று கலவையில் எத்தனை வாளி தண்ணீர் கூடியது, நடுவில் மிக்ஸர் நின்றதா, எந்த இடத்தில் பழைய கான்கிரீட்டோடு புதியது சேர்ந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கும். கியூபின் மேல் தேதியும் இடமும் எழுதாமல் விட்டிருந்தால் அது எந்தப் பகுதியின் கியூப் என்றே புதியவருக்குத் தெரியாது. நோட்டீஸ் காலத்தை நாளைக் கொண்டு அளப்பது சம்பளப் பட்டியலுக்குப் பொருந்தும். கட்டடத்துக்கு அந்த அளவு பொருந்தாது.

மண்ணுக்குள் போனவற்றின் கதை இன்னும் கனமானது. இந்தப் பகுதி பாறை நிலம். ஓர் அஸ்திவாரக் குழி நாலடியில் பாறையைத் தொடும், கொஞ்சம் தள்ளி அடுத்த குழி ஆறடி போயும் மண்ணாகவே இருக்கும். டிராயிங்கில் எல்லாம் ஒரே ஆழம் போட்டிருக்கும். எந்தத் தூண் பாறையில் நிற்கிறது, எது மண்ணில் நிற்கிறது என்பது குழியைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மழைநீர்க் குழாய்க்காகப் பீமில் ஓட்டை விடச் சொல்லி, டிசைன் செய்தவரைப் போனில் கேட்டு, கூடுதலாக இரண்டு கம்பி போட்டிருப்பார்கள். அந்தப் போன் பேச்சு எங்கும் எழுதப்பட்டிருக்காது. நாளை மண்டபக்காரர் மாடியில் சாப்பாட்டுக் கூடம் எடுக்க நினைத்தால் இந்த விவரங்கள்தான் முதலில் தேவைப்படும்.

இங்கேதான் உண்மையில் கடினமான இடம் வருகிறது. ஒப்படைப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் நன்றாக நடந்ததை மட்டும் எழுத முடியாது. ஒரு தூணுக்கான 16 மி.மீ. கம்பி தீர்ந்துபோன நாளில், “இன்னிக்கு 12 போட்டு முடிச்சுருங்க தம்பி” என்று கான்ட்ராக்டர் சொல்லி, இன்ஜினியரும் தலையாட்டியிருந்தால்? அதை எழுதினால், அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் மீதே குற்றம் எழுதியதாகும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. எழுதாமல் போனால், அந்தத் தூண் தாங்கும் தளத்தின் கீழ் நிற்கப் போகிறவர்களுக்கு அது தெரியாமலே போகும்.

இதில் சமரசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். பலம் குறைந்த இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்து, அதைச் சொல்லாமல் விமானம் ஏறுவது வேலையை விடுவது ஆகாது, ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவது. ஆனால் சொல்லும் விதத்தில் தெரிவு உண்டு. யார் சொன்னார்கள் என்ற வழக்குப் பேச்சை விட்டு, “இந்தத் தூணில் டிராயிங்படி 16 மி.மீ., போட்டது 12 மி.மீ., டிசைன் செய்தவரிடம் சரிபார்க்க வேண்டும்” என்று மூன்று வரியில் எழுதி, கான்ட்ராக்டருக்கும் டிசைன் செய்தவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். தூணுக்கு மேல் பாரம் ஏறும் முன் தெரிந்தால் சுற்றிலும் கம்பி கட்டிப் பருமனைக் கூட்டுவது போன்ற வழிகள் இருக்கின்றன, செலவும் கட்டுக்குள் இருக்கும். பூச்சு முடிந்து பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால் யாரும் உடைக்க முன்வர மாட்டார்கள்.

இன்ஜினியர் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறார் என்ற பட்டியலில் முதலாளியை முதலில் வைப்பது வழக்கம். அவரைவிட அதிகம் இழக்கப் போகிறவர்கள் கீழே இருக்கிறார்கள். கம்பி கட்டும் மேஸ்திரிக்கு டன் கணக்கில் கூலி, சென்ட்ரிங் அடிப்பவருக்குச் சதுர அடிக் கணக்கு. அளந்து எழுதுவது சைட் இன்ஜினியர். அவர் நோட்டில் அளவு ஏறாமல் கிளம்பிவிட்டால், செய்த வேலைக்கு மேஸ்திரியிடம் ஆதாரம் எதுவும் இருக்காது. “அந்த இன்ஜினியர் போயிட்டாரே, நான் எதைப் பார்த்துக் கணக்குத் தர்றது?” என்ற ஒரு வாக்கியத்தில் அவருக்கு வர வேண்டிய பணம் கரைந்துவிடும். அவர் தன் கீழ் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸும் அதில் சேரும். கடைசி வாரத்தில் மேஸ்திரிகளோடு கூட நின்று அளந்து, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை மேஸ்திரியிடம் கொடுப்பது, கான்ட்ராக்டருக்கு நன்றி சொல்லும் பத்தியைவிட முக்கியம்.

இனி கடிதம். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போகும் காரணத்தை அதில் எழுதுவதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரில் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஏன் என்பது புரிகிறது. உண்மையைச் சொன்னால் ரிலீவிங் லெட்டர் இழுத்தடிக்கும், கடைசிச் சம்பளம் நின்றுபோகும். போகும் இடத்தைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. “சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதினால் அதில் பொய் இல்லை. அம்மாவின் நோய் அப்படி அல்ல. அதை நம்பிச் சக ஊழியர்கள் அவர் வேலையை இழுத்துப் போட்டுச் செய்வார்கள், ஒருவேளை மேஸ்திரி கையிலிருக்கும் பணத்தைக்கூட நீட்டுவார். மௌனம் காப்பது தற்காப்பு, இல்லாத நோயைச் சொல்வது அடுத்தவரின் இரக்கத்தைத் திருடுவது.

விசா ஸ்டாம்ப் ஆகும் முன் ராஜினாமா கொடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆஃபர் கடிதம் வந்த பிறகும் மெடிக்கலில் நின்றுபோனவர்கள், ஏஜென்ட் ஏமாற்றியவர்கள் எத்தனையோ பேர். இருந்த வேலையையும் இழந்து நிற்க யாரும் கடமைப்பட்டவர்கள் அல்ல. ஆனால் விசா வந்த கையோடு பதினைந்து நாளில் ஏறச் சொல்வார்கள் என்பதும் முன்பே தெரிந்த விஷயம். அதனால் ஒப்படைப்புக் குறிப்பை ராஜினாமா கொடுத்த பிறகு தொடங்கக் கூடாது. ஆஃபரில் கையெழுத்திட்ட இரவே தொடங்கிவிடலாம். குழிகளின் ஆழம், மாற்றிய கம்பிகள், பாக்கி அளவுகள் ஆகியவற்றை எழுதிவைப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. விசா வராமல் போனாலும் அந்த நோட்டு வீணாகாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. “சொந்தக் காரணங்களுக்காக ஜூன் 1 முதல் ஒரு மாத நோட்டீஸுடன் பணியிலிருந்து விலகுகிறேன். சைட் விவரங்களை 11 பக்கத்தில் ஜூன் 30 அன்று ஒப்படைக்கிறேன். ஜூன் 12 அன்று போடவிருக்கும் தளத்தின் 28 நாள் கியூப் முடிவு ஜூலை 10 அன்று வரும். அதுபற்றிக் கேட்க வேண்டியிருந்தால் ஜூலை முழுவதும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிறேன்.” இவ்வளவு போதும்.

இத்தனையும் செய்தவருக்குக் கான்ட்ராக்டர் என்ன செய்ய வேண்டும்? 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. சேரும்போது வாங்கி வைத்த அசல் டிகிரி சர்டிஃபிகேட்டுகளை அடமானம்போல வைத்திருக்க அவருக்கு எந்த நியாயமும் இல்லை. அனுபவச் சான்றிதழ் ஒருவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன வேலை செய்தார் என்ற உண்மையைச் சொல்லும் தாள், நல்லபடி போனால் கொடுக்கும் பரிசு அல்ல. பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து ஊழியரே ஆன்லைனில் அதைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. சான்றிதழுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதனால் கான்ட்ராக்டர்களே, ஜூன் 30 மாலை அந்த 11 பக்கத்தை வாங்கிப் படித்துக் கையெழுத்திடும்போது, அதே மேசையில் சான்றிதழிலும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் இன்ஜினியர்கள் பொய் சொல்லாமல் விலக அதுவே வழிவிடும்.