பதில் போட வேண்டாம்

விடிகாலை. போன் ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது.

"அப்பா போயிட்டார்டா"

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி கூட இல்லை.

*

கல்லூரிக் குழுவிலும் செய்தி வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும். ஒரு விளக்குப் படம். கூப்பிய கைகள்.

எதிலும் தவறில்லை. எல்லோரும் மனம் வருந்தித்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிற வரிகள். இவன் அப்பா அவற்றில் எங்கும் இல்லை.

குழுவில் எழுதவில்லை. அவனுக்குத் தனியாக எழுத வேண்டும்.

*

அவன் பெயரைத் தொட்டு எழுத ஆரம்பித்தால், அந்தப் பக்கம் 'டைப்பிங்' என்று காட்டும். எழுதி, நிறுத்தி, அழித்து, மறுபடி எழுதுவதெல்லாம் அங்கே தெரியும். இன்று அவனை அப்படிக் காக்க வைக்கக் கூடாது.

போனில் குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறக்கிறேன். வெள்ளைத் திரை. விரல் மேலே நிற்கிறது.

*

முதலில் வருவது சுவரொட்டியின் மொழி.

"உன் தந்தையாரின் மறைவுச் செய்தி கேட்டு ஆற்றொணாத் துயரம் அடைந்தேன். அன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு..."

விரல் தானாக எழுதுகிறது. எங்கோ படித்துப் படித்து உள்ளே தங்கிவிட்ட வரிகள். நானும் அவனும் ஒருநாளும் இப்படிப் பேசிக்கொண்டதில்லை. அவன் அப்பா எனக்குத் தந்தையார் இல்லை. அப்பா.

அழிக்கிறேன்.

*

"அப்பா போயிட்டார்" என்று அவன் எழுதியிருக்கிறான். காலமானார் என்று எழுதவில்லை. அவன் எடுத்த சொல்லிலேயே நானும் நிற்கிறேன்.

'டேய்' என்று தொடங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அது கூப்பிடுகிற சொல். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'டா' போதும். நெருக்கம் அதில் இருக்கும்.

*

மூச்சு கொஞ்சம் கனமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பால்காரரின் மணி. வழக்கமான நேரம்தான்.

*

"எப்படிடா ஆச்சு?"

இந்தக் கேள்வி விரல் நுனியில் நிற்கிறது. கேட்பது அன்பினால்தான். ஆனால் கேள்வி போனால் பதில் வர வேண்டும். இன்று அவன் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து தட்ட முடியாது.

அந்தக் கதைக்கு வேறு இடம் இருக்கிறது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே ஆரம்பிப்பார்கள். ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டார். ரெண்டு இட்லி. தண்ணி கேட்டார். கொண்டுவர்றதுக்குள்ள... அடுத்தவர் வந்து உட்காருவார். மறுபடி அதே இட்லி, அதே தண்ணீர். சொல்லச் சொல்லத்தான் நடந்தது மெல்ல நம்பும்படி ஆகிறது. துக்கம் விசாரிப்பது என்பது பாதிக்கு மேல் அந்தக் கதையைக் கேட்பதுதான்.

அதை எழுத்தில் கேட்டு வாங்க முடியாது. கேள்விக்குறி வேண்டாம்.

*

எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். அதற்கு அவன் மச்சான் இருக்கிறார். அவரைக் கேட்கிறேன். மகனிடம் கேட்கிற கேள்வி இல்லை இது.

மச்சான் சொல்கிறார்: தங்கை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஐஸ் பெட்டி சொல்லியாகிவிட்டது. நாளைக் காலைதான் எடுப்பது.

அவர் குரலுக்குப் பின்னால் வேறொரு போன் அடிக்கிறது. "அவன் போன்தான். எங்கிட்டதான் இருக்கு," என்கிறார்.

*

அப்படியென்றால் நான் எழுதுவதை முதலில் படிப்பவர் மச்சானாக இருக்கலாம். சித்தப்பாவாக இருக்கலாம். மூத்த மகன் குளித்து ஈரவேட்டியோடு நிற்கும்போது போன் யார் கையிலோதான் இருக்கும்.

அவனுக்கும் அப்பாவுக்கும் சில வருடங்கள் பேச்சில்லாமல் இருந்தது. அது எனக்குத் தெரியும். "கடைசியில சமாதானமாயிட்டீங்களே, அது போதும்டா" என்று எழுதத் தோன்றுகிறது. உண்மைதான். அவனுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம்.

எழுதவில்லை. யார் படித்தாலும் அவனுக்குச் சங்கடம் வராத வரிகள் மட்டும்.

*

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் எல்லாம் சுருங்கியது. இறந்த பிறகும் 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்றுதான் அடிப்பார்கள். வழியில் தந்தி பெற்றவர் உடைந்துபோகக் கூடாது. ஊர் வந்து சேரட்டும். காசு மிச்சம் பிடித்த அந்த வரியில் அவ்வளவு கவனம் இருந்தது.

2013 ஜூலையில் தந்தி நின்றது. அதற்கு முன்பே குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70. புள்ளிக்கும் காலுக்கும் தனிக்கணக்கு. அப்பா என்பதே ஐந்து.

இப்போது அந்த நெருக்கடி இல்லை. வேண்டிய மட்டும் நீளலாம். எங்கே நிறுத்துவது என்பது எழுதுகிறவர் பொறுப்பு.

*

நீளமாக வருகிறது. என் அப்பா போன நாள் வருகிறது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த பினாயில் வாசனை வருகிறது. உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று ஒரு வரி வருகிறது.

தெரியாது. என் அப்பா வேறு. அவன் அப்பா வேறு.

அந்தப் பத்தி முழுக்க என்னைப் பற்றித்தான் இருக்கிறது. போகட்டும்.

*

"தைரியமா இரு. நீதான் அம்மாவைப் பாத்துக்கணும்."

இதைப் பந்தலில் குறைந்தது பத்துப் பேர் சொல்வார்கள். தோளில் கை வைத்துச் சொல்வார்கள். கை இருப்பதால் தாங்கிக்கொள்ளலாம். கை இல்லாமல் எழுத்தில் வந்தால் அது வேலை சொல்வது மட்டும்தான்.

"வயசாயிடுச்சு, கஷ்டப்படாம போயிட்டார்."

கல்யாணச் சாவு என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். மகனுக்கு எண்பது வயதிலும் அப்பா அப்பாதான். அவனே சொன்னால் தலையசைக்கலாம். நானாக முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

"எது வேணும்னாலும் கேளு."

இது நல்ல மனசின் வரி. ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலை அவனுக்குப் போய்விடுகிறது. அவன் கேட்க மாட்டான். யாரும் கேட்பதில்லை.

*

அழித்தபின் திரை மறுபடி வெள்ளை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன்.

*

அப்பா வருகிறார்.

விடுமுறைக்கு அவன் வீட்டில் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பும் நாட்கள். பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்து வருவார். பை சைக்கிள் கேரியரில். ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து ஏற்றிவிடுவார். அதன்பிறகு பேச்சு இல்லை. கீழே நிற்பார். டிரைவர் டீ குடித்து வரும்வரை நிற்பார். பஸ் நகர்ந்ததும் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஒரே ஒருமுறை அசைப்பார்.

நல்லவர், பண்பாளர் என்று எழுத வேண்டியதில்லை. பஸ் நகரும்வரை நிற்பவர். இதை என்னைத் தவிர வேறு யாரும் அவனுக்கு எழுத முடியாது.

*

எழுதுகிறேன்.

"அப்பா போயிட்டார்னு படிச்சதிலேர்ந்து மனசு நிலையா இல்லடா. நான் ஊருக்குக் கிளம்பறப்பல்லாம் பஸ் நகர்ற வரைக்கும் கீழயே நிப்பார். அதுதான் கண்ணுல நிக்குது. இப்ப கிளம்பறேன், மத்தியானத்துக்குள்ள அங்க இருப்பேன். பதில் போட வேண்டாம்."

ஐந்து சின்ன வாக்கியம். வாய்க்குள் படித்துப் பார்க்கிறேன். நேரில் பேசினால் இப்படித்தான் பேசுவேன். மூச்சு எங்கும் முட்டவில்லை.

*

முதல் வரியில் அப்பா இருக்கிறார். பூட்டிய போனில் மேலாகத் தெரிவது அந்த ஒன்றிரண்டு வரிதான். திறக்காமலே போனாலும் அது கண்ணில் படும்.

கடைசி வரி முக்கியம். அதை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். செய்தி அவன் கையில் பாரமாக நிற்கிறது. திரும்பச் சேர்க்கிறேன். இறக்கி வைத்தாயிற்று.

*

போக முடியாதவர் என்ன எழுதுவது? துபாயில் இருக்கும் இன்னொரு நண்பன் கேட்கிறான். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் இல்லை என்று அவன் எழுதிவைத்திருப்பது ஒரு முழுப் பத்தி.

காரணம் நீண்டால் சமாதானம் சொல்லும் பாரமும் அப்பாவை இழந்தவன் தலையில் விழும். பரவாயில்லடா என்று அவன் எழுத வேண்டிவரும். "உடனே வர முடியல. காரியத்துக்கு வந்துடறேன்" என்பது போதும். வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

குரல் பதிவு வேண்டாம் என்றும் சொல்கிறேன். அந்த வீட்டில் அதைத் தனியாகப் போய்க் கேட்க ஓர் அறை இருக்காது.

*

ஒரு முஸ்லிம் நண்பன் என்றால் ஓம் சாந்தி எழுத மாட்டோம். அங்கே பெரும்பாலும் அன்றே அடக்கம் முடிந்துவிடும். யோசிக்க இவ்வளவு நேரம் இருக்காது. கிளம்பிவிட வேண்டியதுதான்.

*

அனுப்புகிறேன்.

ஒரு டிக். இரண்டு டிக். சாம்பல் நிறம்.

நீலமாகிறதா என்று பார்க்க மனம் போகிறது. போவதைப் பார்க்கிறேன். போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

*

பேருந்து. வெயில் ஏறுகிறது. டிக் நீலமாகியிருக்கிறது. பதில் இல்லை.

நல்லது.

*

பந்தல். பறை. அவன் எழுந்து வருகிறான். இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறான். செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாற்காலி. பிறகு அவனே ஆரம்பிக்கிறான். ராத்திரி ரெண்டு இட்லி...

கேட்கிறேன். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருகிறேன். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை.

*

பதினாறு முடிகிறது. பந்தல் பிரித்தாயிற்று. வாடகைப் பாத்திரங்கள் போய்விட்டன. தங்கை திரும்பிப் போகிறாள். கல்லூரிக் குழுவில் இப்போது யாருடைய மகளுக்கோ பிறந்தநாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அவனுக்கு எழுதுகிறேன்.

"அம்மா சாப்பிடறாங்களா? நீ தூங்கறியா?"

இப்போது கேள்விக்குறி இருக்கிறது. பதில் வேண்டாம் என்று எழுதவில்லை. வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மச்சானும் ஊருக்குப் போய்விட்டார். போன் அவனிடமே இருக்கிறது.