பதினெட்டரை நிமிட இரைச்சல்

தலைவர் ஒருவர் பேசியதாக ஒரு ஆடியோ வெளியாகிறது. அவரைப் பிடிக்காதவர்களுக்கு அது கேட்ட நொடியிலேயே உண்மை. பிடித்தவர்களுக்கு அதே நொடியில் அது வெட்டி ஒட்டியது. சாமியார் நீட்டும் விபூதிக்கு ஆதாரம் கேட்கிற பகுத்தறிவாளர்கூட, எதிரணித் தலைவரின் ஆடியோ என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறார். அதைப் பகுத்தறிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; அது பக்தி. ஒலிப்பதிவைச் சோதிக்க வழியே இல்லாத காலத்தில் நாம் வாழவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் அதை முறையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். மூன்று நாள் கழித்து அதிபர் நிக்சனும் அவருடைய உதவியாளர் ஹால்டமனும் பேசியது ஒலிநாடாவில் பதிவானது. மறுவருடம் நீதிமன்றம் அந்த நாடாவைக் கேட்டபோது, பேச்சின் நடுவே பதினெட்டரை நிமிடம் வெறும் ரீங்காரம். நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், தொலைபேசியை எடுக்கும்போது தவறான பொத்தானை அழுத்தியிருக்கலாம், கால் மிதியிலிருந்து காலை எடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் ஐந்து நிமிடம் போலத்தான் இருக்கும் என்று சாட்சி சொன்னார். மீதிக்கு என்ன விளக்கம்? ஏதோ ஒரு தீய சக்தி வந்து அழித்திருக்கலாம் என்றொரு கருத்து இருப்பதாக, வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி அலெக்சாண்டர் ஹெய்க் 1973 டிசம்பரில் நீதிமன்றத்தில் சொன்னார். ராக்கெட் விட்ட நாட்டில், நீதிபதி முன்னால் வந்த விளக்கம் அது.

நீதிபதி சிரிக்கா நாடாவை ஆறு வல்லுநர்களிடம் கொடுத்தார். அந்த ஆறு பேரையும் வெள்ளை மாளிகையின் வழக்கறிஞர்களும் அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞரும் சேர்ந்து பரிந்துரைத்திருந்தார்கள். முடிவு என்னவென்று தெரிவதற்கு முன்பே, யார் சோதிப்பது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டன. நம் ஊரில் ஆய்வறிக்கை வந்த பிறகுதான் ஆய்வாளரின் யோக்கியதை விவாதத்துக்கு வருகிறது.

அழிந்துபோன பேச்சை மீட்க வழியில்லை என்று அவர்கள் கண்டார்கள்; அழித்தது எப்படி என்று தேடினார்கள். கவனம் முழுவதும் மிச்சமிருந்த இரைச்சலின் மேல்தான். அந்த ரீங்காரம் பெரும்பாலும் மின் இணைப்பிலிருந்து வந்தது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு அறுபது முறை அலைபாய்கிறது. அந்த அலையும் அதன் மடங்குகளும் நாடாவில் படிந்திருந்தன. பதிவு ஒரே மூச்சில் ஓடியிருந்தால் அலை தாளம் தப்பாமல் போயிருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால், விட்ட இடத்திலிருந்தே அலை தொடங்காது. அந்த இடங்களைத்தான் அலை வடிவத்தில் தேடினார்கள். நாடாவின்மேல் காந்தத் துகள் கலந்த திரவம் தடவியபோது இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பதிவு நின்ற கணத்தில் பதிவுத் தலையும் அழிப்புத் தலையும் விட்டுப்போன மெல்லிய கோடுகள் கண்ணுக்கே தெரிந்தன. வுட்ஸ் பயன்படுத்திய ஊஹர் 5000 இயந்திரத்தில் அதே செயலைச் செய்து பார்த்தார்கள். அதே கோடுகள் விழுந்தன.

குறைந்தது ஐந்து, அதிகபட்சம் ஒன்பது தனித்தனித் துண்டுகளாக அழிப்பு நடந்திருக்கிறது, அதுவும் இயந்திரத்தின் பொத்தான்களைக் கையால் அழுத்தி என்பது முடிவு. மறந்துபோய்க் காலை வைத்திருந்ததால் இப்படி நடக்காது. வெள்ளை மாளிகைத் தரப்பு, இயந்திரத்தின் மின்வழங்கியில் ஒரு டையோடு பழுது, அதுதான் காரணம் என்று வாதாடியது. டையோடு பழுதானது உண்மைதான். வல்லுநர்கள் அந்த வாதத்தைத் தள்ளிவிடாமல் எடுத்துச் சோதித்தார்கள். பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் இயங்கும் ஒரு சுவிட்சின் தடம் நாடாவில் இருந்தது. மின்பழுது அந்தச் சுவிட்சைத் தொடாது. தனக்கு எதிரான விளக்கத்துக்கும் நியாயமான வாய்ப்புக் கொடுத்துவிட்டு மறுப்பதுதான் ஆய்வு.

நாடா போய்விட்டது, இப்போது போன்தான். சோதனையின் அடிப்படை மாறவில்லை. ஒருவர் "பணம் வாங்கினேன்னு நிரூபிச்சா பதவி விலகுறேன்" என்று பேசியதிலிருந்து "பணம் வாங்கினேன்" என்பதை மட்டும் எடுத்து, அதன் பின்னால் வேறொரு வாக்கியத்தை ஒட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குரல் அவருடையதுதான். குரலை ஒப்பிடும் சோதனை 'ஆம்' என்றே சொல்லும். வெட்டு தெரிவது ஸ்பெக்ட்ரோகிராமில். நேரம் இடமிருந்து வலமாகவும், ஒலியின் அதிர்வெண் கீழிருந்து மேலாகவும், அதன் வலிமை நிறமாகவும் பதியும் படம் அது. இயல்பாக முடிகிற சொல்லுக்குப் பின்னால் அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு புகைவால்போல் தேய்ந்து மறையும். நடுவில் வெட்டிய "னேன்"னுக்கு அந்த வால் இல்லை; நெட்டுக்குத்தாக அறுந்திருக்கும். பேச்சில்லாத இடைவெளிகளில் ஃபேனும் ஏசியும் எழுப்பும் இரைச்சல் மட்டம் வெட்டுக்கு முன்னும் பின்னும் வேறாக இருக்கும். மின் ரீங்காரம் பதிவாகியிருந்தால், நம் நாட்டில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஓடும் கிடைக்கோடுகள் அந்த இடத்தில் உடையும். அலையை நெருங்கிப் பார்த்தால் தாளம் பிசகியிருக்கும். ஒரு பாதி நாலாயிரம் ஹெர்ட்ஸோடு நின்று மறுபாதி எட்டாயிரம் வரை போனால், முன்னது தொலைபேசி இணைப்பில் வந்தது, பின்னது வேறெங்கோ பதிவானது என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இன்றைய போன்கள் பேச்சுக்கு நடுவே பின்னணி இரைச்சலைத் தாமாகவே அமுக்குகின்றன. வெட்டே இல்லாத பதிவிலும் இரைச்சல் மட்டம் சொல்லுக்குச் சொல் விழுந்து எழும். யாரோ கதவைத் திறந்தாலும், ஃபேனை அணைத்தாலும் மட்டம் மாறும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு மறுபடி சுருக்கப்படலாம். மெல்லிய தடயங்கள் அதில் நசுங்கிப்போகும். தேர்ந்த கை, இரண்டு பேச்சுகளுக்கு இடையேயான மௌனத்தில் வெட்டி, இரண்டு முனைகளையும் மெதுவாகக் கலந்துவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முழுப் பதிவையும் ஒலிபெருக்கியில் ஓட்டிப் புதிதாகப் பதிந்துவிட்டால், புது அறையின் இரைச்சல் எல்லாவற்றையும் ஒரே போர்வையால் மூடும். ஆகவே ஆய்வாளர் முதலில் கேட்பது, பதிந்த போனையும் அதிலிருக்கும் மூலக் கோப்பையும்தான். அதே போனில், அதே அறையில், அதே அமைப்பில் புதிதாக ஒன்றைப் பதிந்து, உடைப்பு கருவியின் குணமா, கத்தியின் தடயமா என்று ஒப்பிடுவார். ஊஹரை வைத்து அந்த ஆறு பேர் செய்ததும் இதுதான்.

இந்த இடத்தில் நம் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்கிறேன். நாற்பது குழுக்களைத் தாண்டி வந்த கோப்பை வைத்துக்கொண்டு 'உண்மை என்று உறுதியானது' என்று தீர்ப்புச் சொல்கிறவரிடம், மூலக் கோப்பு எங்கே என்று யாராவது கேட்கிறார்களா? தர மறுக்கிறவர் நம் கட்சிக்காரராக இருந்தால் நாம் கேட்போமா? வெட்டு தென்படவில்லை என்பதை வெட்டு இல்லை என்று படிக்கிறவர், நோயாளி செத்த பிறகும் மந்திரம் பலித்தது என்பவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்.

1974 மே மாத இறுதியில் வல்லுநர்கள் முழு அறிக்கையைக் கொடுத்தார்கள். நாடே நிக்சனின் பக்கம் கைநீட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பொத்தானை அழுத்திய கை யாருடையது, வேண்டுமென்றே அழித்தாரா என்பதற்கு நாடாவில் சான்றில்லை. அவர்கள் யார் பெயரையும் எழுதவில்லை. அழிந்த பேச்சை மீட்க அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி முயன்றது. மூல நாடாவில் கைவைக்காமல், அதேபோல் பதிந்து அழித்த சோதனை நாடாக்களை வல்லுநர்களிடம் கொடுத்து, இதில் மீட்டுக்காட்டுங்கள் என்றது. யாராலும் முடியவில்லை. 2003-இல் காப்பகம் அந்த முயற்சியை நிறுத்திக்கொண்டது.