அறுபது ஆண்டு மௌனமும் ஒரு கடிதமும்

ஜெர்மானிய எழுத்தாளர் குந்தர் கிராஸ் 2006 ஆகஸ்டில், தன் தன்வரலாற்று நூல் கடைக்கு வருவதற்குச் சற்று முன்பு, ஒரு நாளிதழ் நேர்காணலில் அந்த உண்மையைச் சொன்னார். 17 வயதில் அவர் ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்திருக்கிறார். அதைச் சொன்னபோது அவருக்கு 78 வயது. நோபல் பரிசு வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாஜிக் காலத்தை மூடி மறைக்காதீர்கள் என்று தன் நாட்டாரிடம் வாழ்நாளெல்லாம் மன்றாடியவர் அவர்.

மறைத்த செயல் அவ்வளவு பெரிய குற்றமா என்றால், இல்லை. போரின் கடைசி மாதங்களில் அவர் படைக்கு அழைக்கப்பட்டார். தான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்றார். எஸ்.எஸ். அமைப்பைக் குற்ற அமைப்பு என்று அறிவித்த நூரம்பர்க் தீர்ப்பாயமே, வேறு வழியின்றிச் சேர்க்கப்பட்டு, குற்றம் ஏதும் செய்யாதவர்களை விலக்கி வைத்தது. அந்தச் சிறுவனை மன்னிக்க யாரும் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

மன்னிக்கக் கடினமானது 1985இல் இருக்கிறது. அமெரிக்க அதிபர் ரீகனும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் கோலும் பிட்பர்க் கல்லறைக்கு மரியாதை செலுத்தச் சென்றார்கள். அங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களில் வாஃபன் எஸ்.எஸ். வீரர்களும் இருந்தார்கள். அதைக் கண்டித்தவர்களில் கிராஸும் ஒருவர். கண்டனம் நியாயமானதுதான். ஆனால் "நானும் அந்தச் சீருடையை அணிந்தவன், அதனால்தான் சொல்கிறேன்" என்று அன்று அவர் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு எத்தனை கனம் இருந்திருக்கும்! உண்மை ஊருக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய நாள் அது. அந்த நாளில் அது அவரிடமே தங்கிவிட்டது.

ஆகவே, ஒரு ரகசியத்தை எழுதிவிட்டதாலேயே கணக்குத் தீர்ந்துவிடுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தன்வரலாற்றில் எதை எந்தப் பக்கத்தில் வைப்பது, எவ்வளவு வெளிச்சம் காட்டுவது என்பதெல்லாம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அந்த நூலில் கிராஸ் தன் இளமையைச் சில இடங்களில் 'நான்' என்றும் சில இடங்களில் 'அவன்' என்றும் எழுதுகிறார். நினைவு அப்படித்தான் விலகி விலகி வரும் என்பது உண்மை. ஆனாலும் 'அவன்' என்ற சொல்லில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. நெஞ்சுப் பாரம் இறங்குகிறது, பொறுப்பும் அதோடு கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

அதே 2006 ஆகஸ்டில் அவர் எழுதிய இன்னொன்றைத்தான் இங்கே உயர்வாகச் சொல்லத் தோன்றுகிறது. அவர் பிறந்த டான்சிக் இன்று போலந்தின் கிடான்ஸ்க். நாஜிகள் பாழாக்கிய நாட்டின் ஊர் அது. அந்த ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்திருந்தது. அதைத் திருப்பித் தரட்டும் என்றார் போலந்தின் முன்னாள் அதிபர் லேக் வலேசா. கிராஸ் அந்நகர மேயருக்கு ஒரு கடிதம் எழுதி, தன் மௌனத்துக்கு விளக்கம் தந்தார். நூலை யாரும் வாசிக்கலாம், வாசிக்காமலும் போகலாம். கடிதத்துக்கோ எதிரே ஒரு முகம் உண்டு. ஏற்கவோ மறுக்கவோ அந்த முகத்துக்கு உரிமை உண்டு. எழுதியவர் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும்.

கடிதத்தைப் படித்த வலேசா தன் கோரிக்கையைக் கைவிட்டார். குடியுரிமை கிராஸிடமே இருந்தது.