பந்தியில் சொன்ன சொல்லுக்கு எங்கே மன்னிப்பு கேட்பது?



சாமுவேல் இரண்டாம் நூலின் 6-ஆம் அதிகாரத்தில் ஒரு பெரிய விசேஷம் நடக்கிறது. ஆண்டவரின் பேழை எருசலேமுக்கு வருகிறது. எக்காளம் முழங்குகிறது, ஊரே திரண்டு நிற்கிறது, தாவீது அரசர் நார்ப்பட்டு ஏபோது அணிந்து தம்மை மறந்து ஆடுகிறார். வந்தவர்கள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அப்பமும் திராட்சை அடையும் கொடுத்து அனுப்புகிறார். பிறகு தம் வீட்டாருக்கு ஆசி வழங்கத் திரும்புகிறார். அங்கேதான் சண்டை காத்திருக்கிறது. மனைவி மீக்கால் வெளியே வந்து எதிர்கொண்டு, பணிப்பெண்கள் பார்க்க ஓர் அரசர் இப்படியா நடந்துகொள்வது என்று குத்திப் பேசுகிறார். தாவீதும் சும்மா இருக்கவில்லை. உன் தந்தையையும் அவர் வீட்டாரையும் விட்டுவிட்டு ஆண்டவர் என்னைத்தான் தேர்ந்துகொண்டார் என்கிறார். மீக்காலின் தந்தை சவுலும் அண்ணன் யோனத்தானும் கில்போவா மலையில் போரில் மாண்டுபோனவர்கள். அந்த வீட்டைத்தான் தாவீது இழுத்துப் பேசுகிறார்.

இந்த மீக்கால் யார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சவுலின் ஆட்கள் தாவீதைக் கொல்ல வந்த இரவில் அவரைச் சன்னல் வழியே இறக்கிவிட்டுக் காப்பாற்றியவர் இவர்தான். அதன் பிறகு சவுல் இவரை வேறொருவருக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டார். பின்னாளில் தாவீது கேட்டுத் திரும்பப் பெற்றபோது அந்தக் கணவர் அழுதுகொண்டே வழியெல்லாம் பின்னால் வந்தார். இதைப் பற்றியெல்லாம் தாவீதும் மீக்காலும் உட்கார்ந்து பேசியதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. விசேஷ நாளில் வெடித்தது அன்றைய கோபம் மட்டும் அல்ல. அந்த அதிகாரம் மீக்காலுக்குச் சாகும்வரை பிள்ளை இல்லை என்ற செய்தியோடு முடிகிறது. அதை மீக்காலுக்கு வந்த தண்டனை என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தச் சண்டைக்குப் பிறகு இருவரில் யாரும் மற்றவரிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. அந்த வார்த்தை எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களோடு யோசிக்க விரும்புகிறேன்.

நம்மிடையே நடப்பதை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். தங்கை மகளுக்குப் புதுநன்மை. பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் விருந்து. கணவர் வேலை முடிந்து தாமதமாக வந்து சேர்கிறார். பந்தியில் உட்கார்ந்திருந்த மனைவி, “எங்க வீட்டு விசேஷம்னா உங்களுக்கு எப்பவும் இப்படித்தான்” என்கிறார். சுற்றி அவருடைய அம்மா, தங்கை, மாப்பிள்ளை, பெரியம்மாமார், பரிமாறிக்கொண்டிருந்த பையன்கள். கணவருக்கு முகம் சிவக்கிறது. “உன் வளையல அடகு வச்சுத்தானே புள்ளைக்கு மோதிரம் போட்ட, அப்புறம் என்ன பெருமை?” என்று சொல்லிவிடுகிறார். சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மோதிரம் போட்டிருந்த பிள்ளை தன் விரலைப் பார்த்துக்கொண்டது. மனைவி இலையை மூடிவிட்டு எழுந்து, அன்று இரவு அம்மா வீட்டுக்கே போய்விட்டார்.

இரவு பதினோரு மணிக்குக் கணவர் கைப்பேசியை எடுக்கிறார். வருந்துகிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதுவது இப்படி: “நடந்தது நடந்துபோச்சு. கோவத்துல வாய் தவறிடுச்சு. உனக்கு கஷ்டமா இருந்திருந்தா சாரி. நீயும் எல்லார் முன்னாடியும் அப்படி ஆரம்பிச்சிருக்கக் கூடாது. சாப்பிட்டியா?”

அவர் எழுதியதில் அக்கறை இருக்கிறது. ஆனாலும் அம்மா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என்ன சொன்னார் என்பதே அதில் இல்லை. “நடந்தது” என்கிறார், யாரும் செய்யாமல் தானாக நடந்ததுபோல. “கஷ்டமா இருந்திருந்தா” என்று எழுதும்போது, கஷ்டப்பட்டாயா என்பதே இன்னும் நிரூபிக்கப்படாததுபோல் ஆகிறது. நான்காவது வரியில் கணக்கை நேர் செய்துவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மனைவியை இப்போது தூங்கவிடாமல் செய்வது சண்டை அல்ல. வளையல் அடகில் இருப்பது தங்கை மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான். நாளைக்குத் தங்கை அந்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தால் என்ன செய்வது என்பதுதான். அதைப் பற்றி இந்தச் செய்தியில் ஒரு சொல் இல்லை.

திருச்சபையின் மறைக்கல்வி இதைக் கூர்மையாகப் பிரித்துச் சொல்கிறது. ஒருவருடைய குறையைத் தகுந்த காரணமின்றி, அதை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது அவருடைய நற்பெயருக்குச் செய்யும் தீங்கு என்கிறது 2477-ஆம் எண். சொன்னது உண்மைதான் என்பதால் அது சரியாகிவிடாது. அடகு வைத்தது ஒரு குற்றமே அல்ல. ஆனால் மறைத்துக் காத்த மானம் அது. உண்மையைத்தானே சொன்னேன் என்று வாதாடும் கணவர்களும் மனைவிகளும் இந்த இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். 2487-ஆம் எண் இன்னும் ஒரு படி போகிறது: இப்படிப்பட்ட தவறு மன்னிக்கப்பட்ட பின்பும் ஈடுசெய்யும் கடமை நிற்கிறது. அதாவது, மனைவி மன்னித்துவிட்டாலும், பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்றாலும், பந்தியில் கேட்டவர்கள் மனதில் இன்னும் அந்தச் சொல் கிடக்கிறது. கணவர் மனைவியிடம் மட்டும் கேட்கும் மன்னிப்பு பாதி வேலைதான்.

ஆகவே அந்த இரவுச் செய்திக்கு இரண்டு வேலை இருக்கிறது. மனைவியிடம் தன் சொல்லைத் தன் சொல்லாக ஒப்புக்கொள்வது ஒன்று. கேட்டவர்களிடம் என்ன செய்யப்போகிறேன் என்பதை அவரிடமே கேட்டு முடிவுசெய்வது மற்றொன்று. இப்படி எழுதலாம்:

“தூங்கிட்டியான்னு தெரியல. வளையல் அடகுல இருக்கிறத உங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நான் சொன்னது தப்பு. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்க வேண்டியது. நான் லேட்டா வந்ததுக்கு நீ கேட்டது நியாயம். நான் சொன்னதுக்கு ஒரு நியாயமும் இல்ல. உன்னைத் தலை குனிய வச்சிட்டேன். மோதிரம் நாம ரெண்டு பேரும் ஆசைப்பட்டுப் போட்டதுதான்னு உன் தங்கச்சிகிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் நானே நேர்ல போய்ச் சொல்லணும்னு நினைக்கிறேன். உனக்குச் சம்மதம்னா போறேன். வேண்டாம்னா போகல. இப்ப பதில் போடணும்னு இல்ல. நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்.”

இதில் “ஆனால்” இல்லை என்பதைக் கவனியுங்கள். மனைவி எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார் என்பது உண்மைதான். அதற்கு அவரும் ஒருநாள் வருந்த வேண்டியிருக்கலாம். அது அவருடைய செய்தியில் வர வேண்டியது, கணவருடைய செய்தியில் அல்ல. மலைப்பொழிவில் ஆண்டவர் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகும்படி சொன்ன இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே அவர், உனக்கு யார்மேல் மனத்தாங்கல் என்று கேட்கவில்லை. உன்மேல் யாருக்கு மனத்தாங்கல் என்பது நினைவுக்கு வந்தால் போ என்கிறார். யார் ஆரம்பித்தது என்ற விசாரணை அந்த வசனத்தில் எங்கும் இல்லை.

சம்மதம் கேட்கும் வரி மிக முக்கியம். சில கணவர்கள் உணர்ச்சிவசப்பட்டு மறுநாளே மாமியார் வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்து மன்னிப்பு கேட்பார்கள். மனைவிக்கோ அது இரண்டாவது பந்தி. மறக்கப் பார்த்த பெரியம்மாவுக்கும் அடகு விஷயம் மறுபடி ஞாபகம் வரும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புப் போடுவதும் அப்படித்தான். அன்று மண்டபத்துக்கு வராதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். யாரிடம் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மானம் போனவர்தான் தீர்மானிக்க வேண்டும். சூசையப்பரை நினைக்கிறேன். மரியா கருவுற்றிருப்பது தெரிந்தபோது, தம் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்த வேளையிலும், அவரை ஊரார் முன் அவமானப்படுத்த அவருக்கு மனமில்லை. மத்தேயு அவரை நேர்மையாளர் என்று சொல்வது அந்த இடத்தில்தான்.

குரல் செய்தி அனுப்புவதைவிட எழுத்து நல்லது என்பது என் எண்ணம். அம்மா வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் படுத்திருக்கும்போது குரல் செய்தியைத் தனியாகக் கேட்க முடியாது. எழுத்தை அவர் தனக்குள் வாசித்துக்கொள்ளலாம், இரண்டு முறை வாசிக்கலாம். பொழுது சாய்வதற்குமுன் சினம் தணியட்டும் என்ற பவுலடியாரின் அறிவுரையை நினைத்து அன்றைக்கே அனுப்பிவிடுவது நல்லதுதான். ஆனால் அன்றைக்கே பதில் வேண்டும் என்று அந்த அறிவுரையை மனைவிமேல் திருப்பக் கூடாது. பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி வந்தும் பதில் வரவில்லை என்றால், அடுத்தடுத்து நாலு செய்தி போடாதீர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில், சமாதானம் செய்யாமல் ஒரு நாளை முடிக்க வேண்டாம் என்றும், அதற்கு மண்டியிட வேண்டியதில்லை, ஒரு சிறு செய்கை போதும் என்றும் சொல்கிறார். சிறு செய்கைகள் பெரிதும் உதவும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் ஊரறியச் சொல்லப்பட்ட சொல் இருக்கும்போது, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டால் அது மனைவிக்குப் போதாது.

செய்தி எழுதவே கூடாத வீடுகளும் உண்டு. ஒவ்வொரு விசேஷத்திலும் அவமானப்படுத்துவது, இரவில் அழகாகச் செய்தி அனுப்புவது, அடுத்த விசேஷத்தில் மறுபடி அதையே செய்வது என்று போகிறதென்றால், அங்கே தேவை இன்னொரு செய்தி அல்ல. கை ஓங்கும் வீட்டில் மனைவியைப் பார்த்து, அவர்தான் மன்னிப்பு கேட்டுவிட்டாரே என்று உறவினர்கள் நெருக்குவதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெண் முதலில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பெண்களுக்கான 181 என்ற உதவி எண் இரவிலும் வேலை செய்கிறது. பங்கு இல்லத்தின் கதவையும் தட்டலாம்.

பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தங்கையாக இருக்கலாம், மாப்பிள்ளையாக, பெரியம்மாவாக இருக்கலாம். மறுநாள் போன் போட்டு, “ஏண்டி, நிஜமாவே அடகுல இருக்கா?” என்று கேட்காதீர்கள். மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கவும் போகாதீர்கள். கொடுத்தவர் சந்தோஷமாகத்தான் கொடுத்தார். அந்தக் கணவர் மனைவியின் சம்மதத்தோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், “அட விடுங்க அத்தான், அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா” என்று சிரித்து அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். அவர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். உட்காரவைத்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். அதன் பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, அத்தான் வந்து பேசிவிட்டார் என்று நீங்களே சொல்லுங்கள்.