இருபது நிமிடம் யாருக்குச் சொந்தம்?

இலண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய ஆறு மணி வரை வேலை. எட்டு மணித்தியாலமும் அவன் ஒருவனே. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது தமக்கை கேட்டாள்: “இரவிலை எத்தனை மணிக்குத் தம்பி சாப்பிடுவாய்?”

“நேரமெண்டு ஒண்டுமில்லை அம்மா. ஆக்கள் வராட்டில் சாப்பிடுவன். ஆனால் கடதாசியிலை ஒவ்வொரு நாளும் ரண்டரையிலிருந்து ரண்டு ஐம்பது வரை இடைவேளை. வேலைக்குப் போன உடனை கையெழுத்து வைச்சிடுவன்.”

“எடுக்காததை எடுத்தனெண்டு கையெழுத்து வைக்கிறது பொய்யில்லையோ?”

“பொய்யில்லை அம்மா. ஆக்கள் வராமல் நான் சும்மா இருக்கிற நேரத்தைக் கூட்டினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை வரும். இருபது நிமிசம் எந்த மூலைக்கு?”

தமக்கை மேலே பேசவில்லை. எனக்கோ அவனுடைய பதிலில் ஒரு பெரிய கேள்வி இருப்பதாகப் பட்டது. சும்மா இருப்பதும் இளைப்பாறுவதும் ஒன்றா? நம்மவர்களின் பிள்ளைகள் பலர் பிறநாடுகளில் இத்தகைய தனியாள் இரவு வேலைகளில் இருக்கின்றார்கள். இத்தகைய நிலையங்களை நடத்தும் முதலாளிகளும் நம்மவரிடையே உளர். ஆகவே இக்கேள்வி நம் வீடுகளுக்குப் புறம்பானதன்று.

காத்திருப்பு ஓய்வாகுமா?

இரவு பெற்றோல் நிலையத்தின் ஒழுங்கைச் சற்று நோக்குவோம். நள்ளிரவை அண்டியதும் கடைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் வியாபாரமெல்லாம் ஒரு சிறு யன்னல் வழியாகவே நடைபெறும். வாகனக்காரர் தாமே பெற்றோல் குழாயை எடுத்தாலும், உள்ளே இருப்பவர் வெளியே பார்த்து விசையை அழுத்தினால்தான் பெற்றோல் பாயும். யாராவது சிகரெட் புகைக்கின்றாரா, தகாத கொள்கலனில் பெற்றோல் பிடிக்கின்றாரா என்று அவர் கவனிக்க வேண்டும். ஆபத்தென்றால் எல்லாப் பம்பிகளையும் ஒருங்கே நிறுத்தும் விசையும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

இத்தகைய இடத்தில் மூன்று மணிக்கு ஒருவரும் வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். அவன் சோற்றுப் பெட்டியைத் திறக்கின்றான். ஆனால் காது வெளியே இருக்கின்றது. கண் கமெராத் திரையில் இருக்கின்றது. அடுத்த நொடியிலும் வாகனம் வரலாம், அரை மணி சென்றும் வரலாம். வராமல் விட்டால் அது ஓய்வு என்றும், வந்துவிட்டால் அது வேலை என்றும் பின்னர்தான் தெரியும். அந்நேரம் கழியும்போது, அது தன்னுடையது என்று அவனால் சொல்ல முடியாது.

பிரித்தானிய நீதிமன்றங்களும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கின்றன. அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு வேலைநேர விதிகளின்படி, ஒரு நாளில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு இடையீடின்றி இருபது நிமிட இடைவேளை உரித்தாகும். தன் வேலையிடத்தை விட்டு அப்பாற்சென்று அதைக் கழிக்கவும் அவருக்கு உரிமையுண்டு. விமானங்களுக்கு உணவு ஏற்றும் தொழிலாளர் தொடர்பான வழக்கொன்று 2004ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையில் அவர்கள் சும்மா இருந்த நேரமே இடைவேளை என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடைவேளை தொடங்கும்போதே அது இடைவேளை என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழிந்துபோன நேரத்தைத் திரும்பிப் பார்த்து, “அதுதான் உன் ஓய்வு” என்று பெயர் சூட்ட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

என் மருமகனுக்குரிய விடை இதில் இருக்கின்றது. அவன் கூட்டிக் காட்டும் ஒரு மணித்தியாலம் காத்திருப்பு. காத்திருப்பு அவன் முதலாளிக்குச் செய்யும் வேலையின் ஒரு பகுதி. அதற்காகவே முதலாளி அவனை அங்கே வைத்திருக்கின்றார்.

மாற்றாள் இல்லையென்றால்?

“சட்டம் சொல்லலாம், ஆளில்லாத இடத்தில் என்ன செய்வது?” என்று முதலாளி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இருபது நிமிடத்துக்காக இரண்டாம் ஆளை இரவு முழுவதும் வைத்தால் சிறு நிலையம் தாங்காது.

உண்மையில் நிறுத்த முடியாத வேலைகளும் உண்டு என்பதைச் சட்டமும் ஏற்கின்றது. தனியாள் நிற்கும் கூண்டில் வேலை செய்த புகையிரதச் சமிக்ஞையாளர் ஒருவரின் வழக்கில் 2019ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கப்பட்டது. அவருக்குத் தொடர்ச்சியாக இருபது நிமிடம் கிடைக்கவில்லை. ஆனால் சிறு சிறு இடைவெளிகள் பல கிடைத்தன. புகையிரதப் போக்குவரத்து சிறப்பு விதிவிலக்குக்கு உட்பட்டதாகையால், அதற்கு ஈடான ஓய்வு அந்த வடிவிலும் அமையலாம் என்று நீதிமன்றம் கூறியது. 2011ஆம் ஆண்டில் ஒரு காவலாளியின் வழக்கு வந்தது. அவர் தன் மேசையை விட்டுச் சமையலறையில் போய் இருக்கலாம். அழைப்பு வந்தால் எழுந்து வர வேண்டும். ஆனால் குழப்பப்பட்டால் இடைவேளையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம். இந்த ஒழுங்கு போதுமானது என்று முடிவாயிற்று.

பெற்றோல் நிலையம் புகையிரதப் பாதை போன்றதா? ஓடுகின்ற இரயிலுக்குச் சமிக்ஞை இல்லாவிட்டால் உயிர்கள் போகும். பூட்டிய பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் நிற்பவருக்கோ இருபது நிமிடம் போகும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையன்று.

ஆதலால் மாற்றாள் இல்லாத நிலையத்துக்கு உரிய நேரிய வழி, இருபது நிமிடம் மூடுவதுதான். எப்போது மூடுவது என்பதைக் காசுப்பொறியே சொல்லும். ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் விற்பனை நேரம் பதிவாகின்றது. நான்கு வாரப் பதிவை எடுத்து, ஒவ்வொரு அரை மணித்தியாலத்திலும் எத்தனை விற்பனை என்று எண்ணினால், வாகனம் மிகக் குறைந்த வேளை தெரிந்துவிடும். மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் என்று வைத்துக் கொள்வோம். மூன்று மணிக்குப் புதிய வாகனங்களுக்குப் பம்பியைத் திறவாமல், நின்றவர்களின் கணக்கை முடிக்க வேண்டும். “3.25க்குத் திறக்கப்படும்” என்று நேரங்குறித்த பலகையை நுழைவாயிலிலும் யன்னலிலும் வைக்க வேண்டும். ‘சிறிது நேரத்தில் வருவேன்’ என்ற பலகை போதாது. அதைக் கண்டவர் யன்னலைத் தட்டிக்கொண்டே நிற்பார். தனியாளின் பாதுகாப்புக்காக வெளி விளக்குகளை அணையாமல் விட்டு, அபாய மணியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, அவன் பின் அறைக்குச் செல்லலாம். மூடவும் திறக்கவும் ஐந்து நிமிடம் செல்லும். எனவே இருபது நிமிட ஓய்வுக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். இடையில் ஏதும் நேர்ந்து எழும்ப வேண்டி வந்தால், மிச்ச நிமிடங்களை மட்டும் கணக்கிடாது மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே முறை.

மருந்துக் கடை சற்று வேறுபட்டது. அங்கே வைத்தியரின் சீட்டுக்குரிய மருந்து, தகைமையுள்ள மருந்தாளரின் பொறுப்பிலேயே வழங்கப்பட வேண்டும். காய்ச்சற் பிள்ளையோடு நிற்கும் தாய்க்கு இருபது நிமிடம் நீண்ட நேரமாகலாம். அங்கே முழுமையாக மூடாமல், அந்தக் காவலாளிக்குரிய ஒழுங்கைப் போன்று, அவசரத்துக்கு ஒரு மணியை வைக்கலாம். பற்பசை வாங்க வந்தவர் அதை அடித்தால் ஒழுங்கு குலையும். ஆகவே எதற்காக அடிக்கலாம் என்பதைப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மருந்தாளரின் கை தவறினால் அளவு தவறும் என்பதையும் மறத்தலாகாது. அவருடைய ஓய்வு நோயாளியின் பாதுகாப்பும் ஆகும்.

கையெழுத்தின் பாரம்

இனி என் தமக்கை கேட்ட கேள்விக்கு வருவோம். நடவாத இடைவேளைக்குக் கையெழுத்து வைப்பது யாரை ஏமாற்றுகின்றது?

பிரித்தானியச் சட்டத்தில் அந்த இருபது நிமிடத்துக்குச் சம்பளம் கொடுத்தேயாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் உள்ளவாறு அமையும். மருமகனின் நிலையத்தில் அதைக் கழித்தே சம்பளம் கொடுக்கின்றார்கள். வாரத்துக்கு ஐந்து இரவுகள், நூறு நிமிடம். வருடத்தில் 48 வாரம் வேலை செய்தால் 4800 நிமிடம். அதாவது 80 மணித்தியாலம். எட்டு மணித்தியால இரவுகளாகப் பார்த்தால் பத்து இரவுகள். வருடத்துக்குப் பத்து இரவுகள் அவன் சம்பளமின்றி வேலை செய்கின்றான். அதற்குச் சான்றாக, தான் ஓய்வெடுத்ததாகவும் எழுதிக் கொடுக்கின்றான்.

முதலாளி இதை அறியாமல் இருக்கலாமா? இரவு 2.30க்கும் 2.50க்கும் இடையில் ஓய்வு என்று ஏட்டில் இருக்க, 2.41க்குப் பெற்றோல் விற்ற பற்றுச்சீட்டு காசுப்பொறியில் இருக்கின்றது. இரண்டும் அவருடைய மேசைக்கே வருகின்றன. மாதம் முழுவதும் ஒரே நிமிடத்தில் தொடங்கி ஒரே நிமிடத்தில் முடியும் இடைவேளை, இயல்பான இடைவேளையாக இருத்தல் அரிது. ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பாராதிருப்பவர் தெரியாதவரல்லர், தெரிந்து கொள்ள விரும்பாதவர்.

“அவன் தானே சம்மதித்தான்” என்பர் சிலர். வேலையிழக்கும் அச்சத்தோடு இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சுயாதீனமானது? தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதனால் மட்டும் ஓர் ஒப்பந்தம் நீதியாகிவிடாது என்று 1891ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தமது தொழிலாளர் பற்றிய திருமடலில் எடுத்துரைத்தார். ஓய்வின் அளவு வேலையின் தன்மையையும், நேரத்தையும், தொழிலாளியின் உடல் வலுவையும் பொறுத்தது என்றும் அதில் கூறியிருக்கின்றார். விழித்திருக்க உடல் மறுக்கும் இரவு வேலைக்கு இது எவ்வளவு பொருந்துகின்றது!

ஆயினும் தொழிலாளியின் பங்கையும் மறைக்கலாகாது. பொய்க் கையெழுத்து அவனுடைய நட்டத்தை மட்டும் மூடுவதில்லை. நாளை அதே கதிரையில் இருக்கப் போகின்றவனுக்கும் “முந்தியவன் ஒன்றும் சொல்லவில்லையே” என்ற பதிலை ஆயத்தப்படுத்துகின்றது. உள்ளதை உள்ளபடி எழுதுவதே அவன் செய்யக்கூடியது. ‘3.00க்குத் தொடங்கினேன், 3.08க்குக் குழப்பப்பட்டது’ என்று எழுதினால், அது முறைப்பாடுமன்று, கலகமுமன்று, உண்மை மட்டுமே.

மூடிய யன்னலுக்கு வெளியே நிற்கும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பலகையில் நேரம் எழுதியிருக்கும்போது, உள்ளே ஒளி தெரிகின்றதே என்று தட்டுகின்றோமா? அந்தத் தட்டல் ஒருவனுடைய இருபது நிமிடத்தை மீண்டும் பூச்சியமாக்குகின்றது.

மருமகன் திரும்பிப் போனபின் முதலாளியிடம் பற்றுச்சீட்டுப் பதிவைக் காட்டிப் பேசியிருக்கின்றான். முதலில் மறுத்தவர், ஒரு மாதம் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்தாராம். முதல் வாரம் ஆட்கள் தட்டினார்கள், பின் குறைந்துவிட்டது. அந்த மாதம் முடிந்தபின் என்ன செய்வார் என்பது அவனுக்கும் தெரியாது. சென்ற வாரம் தொலைபேசியில் தமக்கை வழமைபோல, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

“மூண்டு மணிக்கு அம்மா,” என்றான் அவன்.